நெஃப்ரான் ஸ்லைடைப் படிப்பது எப்படி: 125 மில்லி, 1 மில்லி ஆகும் கணக்கு

பிளஸ் டூ வரை திருப்பத்தூரில் தமிழ் மீடியம். அப்புறம் பெங்களூரில் டயாலிசிஸ் டெக்னாலஜி படிப்பில் சேர்ந்தேன். பாடம் இங்கிலீஷில், நடுவில் வரும் ஜோக் கன்னடத்தில். முதல் வைவாவில் மேடம், சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழலான நெஃப்ரானின் ஸ்லைடைச் சுவரில் போட்டு, குழலின் தொடக்கத்தில் இருக்கும் பௌமான் கிண்ணத்தைக் காட்டி, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். "சிறுநீர்" என்றேன். "குளுக்கோஸ் இருக்குமா?" என்றார். "இருக்காது மேடம், கழிவு மட்டும்தான் வடியும்" என்றேன். இருபதுக்கு நான்கு மார்க்.

லேபிள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பதினோரு பெயரையும் வரிசையாக எழுதுவேன். ஆனால் அந்தக் குழலுக்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பது தெரியாது. அதைப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. நீங்கள் கீழே சொன்ன வரிசையில் போனால் மூன்று சாயங்காலம் போதும்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வகுப்பில் காட்டிய அதே ஸ்லைடின் கலர் பிரிண்ட் ஒன்று, கருப்பு வெள்ளை ஜெராக்ஸ் இரண்டு. ஒரு ஜெராக்ஸில் லேபிள்களை வெள்ளை மையால் அழித்துவிடுங்கள். சிவப்பு, நீலம், சாதாரண பென்சில். சிவாஜிநகரில் நான் போகும் கடையில் எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. பணத்தைவிட முக்கியம், இணையத்தில் கிடைக்கும் வேறு படத்தை எடுத்து வராமல் இருப்பது. ஒரு படத்தில் குழல் இடமிருந்து வலமாக ஓடும், இன்னொன்றில் தலைகீழாக இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தே எனக்கு ஒரு வாரம் வீணானது.

முடிந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருடையதாவது பழையதாக ஒன்று கிடக்கும். கடைசிப் படியில் தேவைப்படும்.

பெயர்களில் குழம்பாதீர்கள். பள்ளியில் அண்மைச் சுருள் நுண்குழல் என்று படித்ததைத்தான் இங்கே பி.சி.டி என்கிறார்கள். சேய்மைச் சுருள் நுண்குழல், டி.சி.டி. மற்றவை ஏறக்குறைய அதே பெயர்தான்.

2. குழலை விடுங்கள், ரத்தத்தை முதலில் வரையுங்கள்

எல்லோரும் கிண்ணத்தில் ஆரம்பித்து குழல் வழியே போவார்கள். நான் சொல்வது வேறு. சிவப்புப் பென்சிலை எடுத்து, உட்செல் நுண்தமனியில் தொடங்கி, கிளாமருலஸ் என்கிற அந்த நூல்கண்டைச் சுற்றி, வெளிச்செல் நுண்தமனி வழியாக வெளியே வாருங்கள். பெரும்பாலான ஸ்லைடுகளில் அந்த வெளிச்செல் நுண்தமனி அரை அங்குலத்தில் வெட்டுண்டு நிற்கும். அங்கே நிறுத்தாதீர்கள். அது கீழே இறங்கி, மறுபடி நுண்நாளங்களாகப் பிரிந்து, அதே குழல்களைச் சுற்றிக் கொடி மாதிரிப் படர்கிறது. ஸ்லைடில் இல்லாவிட்டாலும் நீங்கள் வரைந்துவிடுங்கள்.

இதை வரையாததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். "மீள உறிஞ்சப்படுகிறது" என்று புத்தகம் சொல்லும்போது, எங்கே உறிஞ்சப்படுகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. பதில் இந்தக் கொடிக்குள். கிளாமருலஸில் வடிந்தது போக மிச்சமிருக்கும் ரத்தம்தான் இங்கே வருகிறது. தண்ணீர் போய்விட்டது, புரதம் அப்படியே இருக்கிறது, ஆக ரத்தம் கொஞ்சம் கெட்டி. கெட்டியான அந்த ரத்தம் பக்கத்துக் குழலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு பொறி. வெளிச்செல் நாளத்தை நீலத்தில் போட்டு, சிரை என்று எழுதிவிடுவோம். அது தமனிதான். உள்ளே போவதும் தமனி, வெளியே வருவதும் தமனி. ஸ்லைடிலேயே சிலர் நீலம் பூசியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள்.

3. கிண்ணத்தின் ஓரத்தில் 125 என்று எழுதுங்கள்

இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1100 முதல் 1200 மில்லி ரத்தம் வருகிறது. இதில் திரவப் பகுதி, அதாவது பிளாஸ்மா, 625 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 125 மில்லி, கிண்ணத்துக்குள் வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் உடம்பில் பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர்தான். அப்படியென்றால் ஒரே பிளாஸ்மா ஒரு நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது.

இந்த எண்ணைப் பார்த்தபோதுதான் என் தப்பு எனக்கே உறைத்தது. டீ வடிகட்டி மாதிரி சிறுநீரகம் கழிவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அது வேலை செய்யும் விதம் போகிக்கு முந்தைய நாள் மாதிரி. வீட்டில் உள்ள சாமான் மொத்தத்தையும் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வருகிறோம் இல்லையா, அதே கதை. எடுக்காமல் விட்டது வெளியே போகும். கழிவு எது என்று கிளாமருலஸுக்குத் தெரியாது. துகளின் பருமன்தான் அதற்கு முக்கியக் கணக்கு. தண்ணீர், சோடியம், குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா, எல்லாம் சின்னது, எல்லாம் விழும். ரத்த அணுக்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் மேலே தங்கிவிடும். அல்புமின் தங்குவதற்கு அதன் எதிர்மின்னூட்டமும் ஒரு காரணம் என்று பாடத்தில் வரும். வைவாவில் அதையும் சேர்த்துச் சொன்னால் மேடம் முகம் மலரும்.

தள்ளுவது எது? ரத்த அழுத்தம். கிளாமருலஸுக்குள் சுமார் 60 மி.மீ பாதரசம். அதை எதிர்த்து, புரதம் தண்ணீரை உள்ளே இழுப்பது 32, கிண்ணத்தில் ஏற்கனவே இருக்கும் திரவம் தள்ளுவது 18. மிச்சம் 10. இவ்வளவு சின்ன மிச்சத்தில்தான் 180 லிட்டரும் வடிகிறது. அதனால்தான் பிரஷர் ரொம்ப இறங்கிய நோயாளிக்கு முதலில் சிறுநீர் நிற்கிறது. 60 கொஞ்சம் கீழே வந்தாலே 10 காணாமல் போய்விடும்.

ஸ்லைடில் குழல் முழுக்க ஆரம்பத்திலிருந்தே மஞ்சள் பூசியிருந்தால், கிண்ணத்தில் இருக்கும் மஞ்சளை அடித்துவிடுங்கள். அங்கே இருப்பது புரதம் இல்லாத பிளாஸ்மா. அதன் பெயர் வடிதிரவம். சேகரிப்பு நாளத்தின் கடைசியில் வெளியே வரும்போதுதான் அது சிறுநீர். எனக்கு மார்க் போனது இந்த மஞ்சளால்தான்.

முதல் சாயங்காலம் இவ்வளவு போதும்.

4. பி.சி.டி-யின் முடிவில் 44

இரண்டாவது நாள் இங்கே தொடங்குங்கள். வடிதிரவத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சுருளிலேயே திரும்ப எடுக்கப்படுகிறது. 65 சதவீதம் என்று வைத்தால், 125-இல் 44 மில்லி மிச்சம். சில புத்தகங்களில் 70 முதல் 80 சதவீதம் என்று போட்டிருக்கும். உங்கள் கல்லூரி எந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறதோ அதையே எழுதுங்கள். இதற்காக ஆசிரியரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குளுக்கோஸும் அமினோ அமிலமும் ஆரோக்கியமான ஆளுக்கு இங்கேயே ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும். யூரியா பாதி அளவு திரும்பும். தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் திரும்பாது.

இன்னொரு எண்ணையும் பென்சிலில் எழுதுங்கள்: செறிவு. கிண்ணத்தில் 300 மில்லி ஆஸ்மால், பி.சி.டி முடிவிலும் அதே 300. உப்பும் தண்ணீரும் கூடவே போவதால் அளவு குறைகிறது, செறிவு மாறுவதில்லை. "அளவு குறைந்தால் கெட்டியாகும்" என்று நாம் தானாக நினைத்துக்கொள்வோம். அது இங்கே பொய்.

5. ஹென்லே வளைவில் ஏறும் பக்கத்தை முதலில் படியுங்கள்

ஸ்லைடில் அம்புக்குறி கீழே இறங்கி, திரும்பி, மேலே ஏறும். நாமும் அதே வரிசையில் படிப்போம், ஒன்றும் புரியாது. எனக்கு இதைத் திருப்பிக் காட்டியவர் எங்கள் ஹாஸ்டலில் இருந்த சீனியர் அக்கா, வேலூர்க்காரர். "இறங்கறப்போ தண்ணி ஏன்டி வெளிய போவுது?" என்று கேட்டார். "வெளிய உப்பு ஜாஸ்தி, அதான்" என்றேன். "அந்த உப்ப அங்க யாரு கொண்டு போய் வெச்சா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வைத்தது ஏறும் பக்கம். அதன் சுவர் தண்ணீரை விடாது. உப்பை மட்டும் வெளியே தள்ளும். அதனால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பு சேர்கிறது, கீழே போகப் போக அதிகமாகச் சேர்கிறது. மிக ஆழத்தில் யூரியாவும் சேர்ந்து செறிவு 1200 வரை போகிறது. அந்த உப்புக்கு நடுவில் இறங்கும் பக்கம் போகிறது. அதன் சுவர் தண்ணீரை விடும். தண்ணீர் தானாக வெளியேறும். இறங்கும் பக்கத்துக்கு வேலை வைப்பதே ஏறும் பக்கம்தான்.

வளைவின் முடிவில் 25 மில்லி மிச்சம். செறிவு 100. ரத்தத்தைவிட நீர்த்துப்போன திரவம்! இவ்வளவு பாடுபட்டு நீர்க்கச் செய்வானேன் என்று தோன்றும். நோக்கம் அந்தத் திரவம் இல்லை, வெளியே சேர்த்து வைத்த உப்பு. அது அடுத்த படியில் உதவும்.

உஷாரான ஒருவர் இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பார். 44 மில்லி, 25 ஆனால் செறிவு 300-லிருந்து 530 வரைதானே போகும், 1200 எப்படி? நல்ல கேள்வி. 1200 என்பது உட்பகுதியின் அடி வரை இறங்கும் நீள வளைவுகளுக்கு. பெரும்பாலான நெஃப்ரான்களுக்கு வளைவு குட்டை, அவ்வளவு ஆழம் போகாது. 25 என்பது எல்லாவற்றுக்கும் சேர்த்த மொத்தக் கணக்கு. ஸ்லைடில் வரைவது எப்போதும் நீள வளைவைத்தான், பார்க்க அழகாக இருப்பதால்.

வார்டில் ஃப்யூரோசெமைட் ஊசி போட்டதும் நோயாளிக்கு நிறையச் சிறுநீர் போவதைப் பார்ப்பீர்கள். அது அடைப்பது ஏறும் பக்கத்தில் உப்பைத் தள்ளும் பம்பை. உப்பும் குழலிலேயே தங்கும், வெளியே உப்பும் சேராது. ஆக, தண்ணீர் இரண்டு வகையிலும் தப்பித்துவிடும்.

6. கடைசி 25-க்கு ஒரு கதவு

டி.சி.டி-யைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சொல்படி சோடியத்தை எடுப்பது டி.சி.டி-யின் கடைசிப் பகுதியும் சேகரிப்பு நாளமும். பொட்டாசியத்தைக் குழலுக்குள் தள்ளுவதும் அங்கேதான். அம்பு ரத்தத்திலிருந்து குழலை நோக்கி இருந்தால் அது சுரத்தல், எதிர்த்திசை என்றால் மீள உறிஞ்சுதல். அம்பின் தலையைப் பார்க்காமல் எழுதினால் மொத்தமும் தலைகீழ்.

இன்னொன்று, ஸ்லைடில் டி.சி.டி எங்கோ வலது ஓரத்தில் தொங்கும். உண்மையில் ஏறும் பக்கம் மேலே வந்து, தன் சொந்த கிளாமருலஸின் இரண்டு தமனிகளுக்கும் நடுவில் உரசிக்கொண்டுதான் டி.சி.டி-யாகிறது. உரசும் அந்த இடத்தில் உள்ள செல்கள் உப்பின் அளவைப் பார்த்து, வடிகட்டும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. படம் வரைய வசதியாகச் சுருளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சேகரிப்பு நாளம் அந்த உப்பு நிறைந்த உட்பகுதி வழியாகவே இறங்குகிறது. அதன் சுவரில் தண்ணீர் போக வழி திறக்குமா என்பதை ஏ.டி.எச் என்ற ஹார்மோன் தீர்மானிக்கிறது. மே மாதம், மத்தியானம், தண்ணீர் குடிக்காமல் மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். ஏ.டி.எச் ஏறும், கதவு திறக்கும், தண்ணீர் உப்பை நோக்கி ஓடும். கடைசியில் நிமிடத்துக்கு 1 மில்லியோ அதற்கும் குறைவோ, செறிவு 1200 வரை. ஏ.டி.எச் சுத்தமாக இல்லாவிட்டால் கதவு மூடியே இருக்கும். நிமிடத்துக்கு 14 மில்லி, நாளைக்கு 20 லிட்டர் வரை கூடப் போகலாம், செறிவு 50. மூத்திரம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

எழுதிய கணக்கு சரியா என்று பார்க்க கிரியாட்டினினைக் கூப்பிடுங்கள். அது வடிகிறது, திரும்புவதில்லை. 125 மில்லியில் இருந்தது முழுக்க 1 மில்லியில் வந்து நிற்கிறது. ரத்தத்தில் 1 மி.கி/டெ.லி இருந்தால் சிறுநீரில் 125 இருக்க வேண்டும். ஆய்வகத்தில் இதையே திருப்பிப் போடுகிறார்கள்: சிறுநீரில் உள்ள செறிவை நிமிடச் சிறுநீர் அளவால் பெருக்கி, ரத்தச் செறிவால் வகுத்தால் வடிகட்டும் வேகம். 125 × 1 ÷ 1 = 125. குழலும் கொஞ்சம் கிரியாட்டினினைச் சுரப்பதால் விடை நிஜத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். அப்புறம், 24 மணி நேரச் சிறுநீரை நோயாளி ஒரு வேளை பாத்ரூமில் விட்டுவிட்டால் கணக்கு மொத்தமும் கெட்டுப்போகும். நடைமுறையில் பெரிய பிழை அதுதான்.

7. மூன்றாவது நாள்: சர்க்கரை 400 உள்ள ஒருவரை ஸ்லைடில் நடத்துங்கள்

லேபிள் அழித்த ஜெராக்ஸை எடுங்கள். ரத்தச் சர்க்கரை 100 என்றால், நிமிடத்துக்கு வடியும் குளுக்கோஸ் 125 மி.கி. பி.சி.டி அதிகபட்சம் சுமார் 375 மி.கி எடுக்க முடியும். தாராளம். சிறுநீரில் சர்க்கரை பூஜ்ஜியம்.

இப்போது 400. வடிவது 500 மி.கி. எடுப்பது 375. மிச்சம் 125 மி.கி குழலில் தங்குகிறது. நாள் முழுக்க இப்படியே நீடித்தால் 180 கிராம். பி.சி.டி-க்குப் பிறகு குளுக்கோஸை எடுக்க யாரும் இல்லை. அது கடைசி வரை போகும், தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம். சர்க்கரை வியாதியின் முதல் அறிகுறி இந்தக் குழலில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சுலபம்.

கணக்குப்படி 300-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை வர வேண்டும். ஆனால் புத்தகத்தில் 180 என்று இருக்கும். இரண்டும் சரி. லட்சக்கணக்கான நெஃப்ரான்கள் ஒரே திறமையோடு இல்லை. சில 180-லேயே திணறிவிடும், மொத்தமும் திணறுவது 300-ஐத் தாண்டிய பிறகுதான்.

8. ரிப்போர்ட்டில் உள்ளதற்கு ஸ்லைடில் விரல் வையுங்கள்

ஒவ்வொரு வரியையும் எந்த லேபிள் சம்பந்தப்பட்டது என்று காட்டிப் பழகுங்கள். அல்புமின் விடாமல் வந்தால் விரல் முதலில் கிளாமருலஸின் சல்லடைக்குப் போக வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தால் காய்ச்சலோ கடுமையான உடற்பயிற்சியோ கூடக் காரணமாக இருக்கலாம். தண்ணீர் குடிக்காமல் இருந்தும் சிறுநீர் நீர்த்தே இருந்தால் சேகரிப்பு நாளம்.

ஒரு நாள் அக்கா பெயர் மறைத்த ரிப்போர்ட் ஒன்றை நீட்டினார். சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ். அதே நேரம் எடுத்த ரத்தச் சர்க்கரை 112. நான் போட்ட கணக்கில் வடிவது 140 மி.கி, 375-க்கு ரொம்பக் கீழே. வரவே கூடாது. லேபில் மாற்றி எழுதிவிட்டார்கள் என்றேன்.

"மாத்திர லிஸ்ட்ட பாத்தியா?" என்றார். கீழே டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. பி.சி.டி-யின் ஆரம்பத்தில் குளுக்கோஸை எடுக்கும் கதவையே மூடும் மாத்திரை. வடிந்தது 140-தான், ஆனால் எடுக்க வேண்டிய ஆளின் கையைக் கட்டிவிட்டார்கள். என் ஜெராக்ஸில் பி.சி.டி பக்கத்தில் 375-ஐ அடித்துவிட்டு, "மாத்திரையைக் கேள்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.